தேங்காய் எண்ணெயில கொலஸ்ட்ராலே இல்லையாமே, அப்புறம் எனக்கு எப்படி 162?

பேராவூரணி_தென்னை | 9.1.2024, இரவு 9:12

நேரா கேட்டுடுறேன். வயசு 46. சர்க்கரை இல்ல, பீடி சிகரெட் இல்ல, தோப்புல தினம் வேலை உண்டு. போன வாரம் பையன் கட்டாயப்படுத்தினதால ரத்தம் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 238, நல்லதுன்னு சொல்ற ஹெச்டிஎல் 44, டிரைகிளிசரைடு 160, கெட்டதுன்னு சொல்ற எல்டிஎல் 162. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டுல என்ன எண்ணெய்?" தேங்காய் எண்ணெய்னேன். மூணு மாசம் அதை மாத்திட்டு வாங்க, மாத்திரை வேணுமான்னு அப்புறம் பாக்கலாம்னுட்டார்.

எனக்கு மனசு ஒப்பல. 2018-ல கஜா அடிச்சுப் பாதித் தோப்பு விழுந்துச்சு. மிச்சம் நிக்கிற மரத்துக் காயை வெட்டி, கொப்பரை காயவச்சு, நாங்களே செக்குல கொடுத்து ஆட்டுற எண்ணெய் இது. கலப்படத்துக்கு வழியே இல்ல. கொலஸ்ட்ரால் மிருகக் கொழுப்புல மட்டும்தானே இருக்கு? தேங்காய் மரத்துல காய்க்குது. இல்லாத பொருள் எண்ணெய்லேருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகும்?

செக்கு_அம்மாபேட்டை | 9.1.2024, இரவு 10:30

உங்க பக்கம்தான் நான். 22 வருஷமா செக்கு ஓட்டுறேன். தேங்காய் எண்ணெய்க் கொழுப்பு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேரா ஈரலுக்குப் போய் எரிஞ்சிடும், ரத்தத்துல தங்காது. கேரளாவுல இதய நோயாளிங்க 200 பேரை வச்சுத் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ரெண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்லைன்னு 2016-ல வெளியிட்டாங்க. டாக்டருங்க இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க.

குடந்தை_லேப் | 10.1.2024, காலை 6:20

கும்பகோணத்தில் 26 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எண்ணெய் வியாபாரம் தெரியாது. ரத்தம் கொஞ்சம் தெரியும்.

தம்பி சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது. பாட்டிலில் அப்படி அச்சடிப்பதும் பொய்யில்லை. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்று வந்ததல்ல, உடம்பே செய்துகொள்வது. அதனால் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, ரத்தத்தில் இருப்பதை ஈரல் எவ்வளவு வேகமாக வெளியே எடுக்கிறது என்று பாருங்கள்.

கல்லணை மதகு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஈரல் செல்லின் மேல், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிகள் இருக்கின்றன. அவைதான் மதகு. அவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கிற நிறைவுற்ற கொழுப்பு அதிகம் போனால் ஈரலில் திறந்திருக்கிற மதகு குறைகிறது. வரத்து அதேதான், வடிகிற வழி சுருங்கிவிட்டது. ஆற்றில் மட்டம் ஏறத்தானே செய்யும். நிறைவுறாத கொழுப்பு போனால் ஈரல் தன்னிடம் உள்ள கொலஸ்ட்ராலை வேறு வடிவத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று மதகைத் திறக்கிறது. கொலஸ்ட்ராலே இல்லாத எண்ணெய் கொலஸ்ட்ராலை ஏற்றுவது இப்படித்தான்.

செக்கு அண்ணனுக்கு. நடுத்தரச் சங்கிலி என்று நீங்கள் சொல்கிற குணம் சங்கிலியில் 8 கரி அணுவும் 10 கரி அணுவும் உள்ள அமிலங்களுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் அவை சுமார் ஏழில் ஒரு பங்கு. பாதியை அடைத்துக்கொண்டிருப்பது 12 கரி உள்ள லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நீளமான கொழுப்புகள் போகிற பாதையில்தான் போகிறது, எல்டிஎல்லையும் ஏற்றுகிறது. ஹெச்டிஎல்லையும் கொஞ்சம் ஏற்றும், அதை மறைக்கக் கூடாது.

கேரள ஆய்வு உண்மை. ஆனால் அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே இதயத்துக்கு முறையான மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மாத்திரை மதகைத் திறந்து வைத்திருக்கும்போது எண்ணெய் செய்கிற வித்தியாசம் கண்ணில் படுவது கஷ்டம். 2020-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 10 புள்ளி ஏற்றியிருந்தது.

தம்பி, மாதத்துக்கு எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர்? அது தெரியாமல் மேலே பேச முடியாது.

வலங்கைமான்_டீச்சர் | 10.1.2024, மாலை 5:45

முட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு எல்டிஎல் 214 இருந்தது. மஞ்சள் கருவை நிறுத்தினேன், நெய்யை நிறுத்தினேன், வெண்ணெய்ப் பக்கமே போகவில்லை. ஆறு மாதம் கழித்து 209. அழுதேவிட்டேன். பிறகு வேறொரு மருத்துவர் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் 28 இருந்தது. தைராய்டு மாத்திரை தொடங்கி நான்கு மாதத்தில் எல்டிஎல் 131. முட்டையை மறுபடி சாப்பிடுகிறேன்.

குடந்தை_லேப் | 10.1.2024, இரவு 8:05

டீச்சர், அவர் முட்டையைக் கேட்கவில்லை. ஆனாலும் நல்ல இடத்தில் இதைக் கொண்டுவந்தீர்கள். அந்த ஏற்பியைத் திறப்பதில் தைராய்டு சுரப்புக்கும் பங்குண்டு. அது குறைந்தால் எந்த எண்ணெயை மாற்றினாலும் மட்டம் இறங்காது. எங்கள் கூடத்தில் எல்டிஎல் 190-க்கு மேல் வந்தால், தைராய்டு பார்த்தாயிற்றா, வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்போம். பரம்பரையாக மதகே கம்மியாகப் பிறந்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் சமையலறையில் வைத்தியம் கிடையாது.

தம்பி 162-தான். இருந்தாலும் டிஎஸ்ஹெச் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பேராவூரணி_தென்னை | 11.1.2024, இரவு 9:50

டிஎஸ்ஹெச் அந்தச் சீட்டுலயே இருக்கு அக்கா, 2.9, அளவுக்குள்ளதான். நாங்க நாலு பேர்: நான், வீட்டுக்காரி, அம்மா, பையன். மாசம் மூணு லிட்டர் தேங்காய் எண்ணெய். நெய் அம்மா உருக்குறது, அரைக்கிலோ வரும், பாதி பையனுக்கே போயிடும்.

குடந்தை_லேப் | 12.1.2024, காலை 5:55

கணக்குப் போடுவோம். மூணு லிட்டர் என்றால் எடையில் 2,750 கிராம் வரும். நாலு பேர், முப்பது நாள். தலைக்கு ஒரு நாளைக்கு 23 கிராம், ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி. அளவு அதிகம் என்று சொல்லவே மாட்டேன். நம் பக்கம் பல வீடுகளில் இதைவிடக் கூடவே ஊற்றுகிறார்கள்.

தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டரைப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. 23 கிராமில் 20 கிராம் அதுதான். அதே 23 கிராமை நல்லெண்ணெய் பாதி, கடலை எண்ணெய் பாதி என்று ஊற்றினால் நிறைவுற்றது சுமார் 4 கிராம். குறைவது 16 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 144 கலோரி. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் என்று வைத்தால் 7 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக மென்சிங்க் 2016-ல் தொகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்தக் கலோரியில் 1 சதவீத அளவு நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு, நல்லெண்ணெயில் பாதியளவு இருக்கிற லினோலிக் மாதிரியான கொழுப்பை வைத்தால் எல்டிஎல் சுமார் 2.1 புள்ளி இறங்கும். கடலை எண்ணெயில் கூடுதலாக இருக்கிற ஒலியிக் வகையை வைத்தால் 1.6. சோறு, மாவு என்று வைத்தால் 1.3. உங்கள் 7 சதவீதத்துக்கு 11 முதல் 15. நடுவில் 13 என்று வையுங்கள். 162 இருப்பது 149-க்கு வரலாம்.

இது சராசரி. சிலருக்கு இரண்டு பங்கு இறங்கும், சிலருக்கு அசையவே அசையாது.

மன்னை_பந்தி | 12.1.2024, மதியம் 2:10

கல்யாணச் சமையல்காரன் நான். ஒண்ணு சொல்லிக்கிறேன். நல்லெண்ணெய்ல வடை போடாதீங்க, சீக்கிரம் பொங்கி அடுப்புல வழியும். பொரிக்கக் கடலை எண்ணெய், தாளிக்க, குழம்புல ஊத்த, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய். பொரிச்ச எண்ணெயை ரெண்டாம் நாள் தாளிக்க வேணா எடுக்கலாம், மறுபடி வாணலியில ஊத்திப் பொரிக்கக் கூடாது. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காம, கையில தொட்டா பிசுபிசுன்னு இழுத்துச்சுன்னா கொட்டிடணும். நாங்க அப்படித்தான் கண்டுபிடிக்கிறது.

குடந்தை_லேப் | 12.1.2024, மாலை 6:30

பந்தி தம்பி சொல்வது அவசியமான விஷயம். நிறைவுறாத கொழுப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அதுதான் முதலில் கெடும். தேங்காய் எண்ணெய் தாங்கும். எண்ணெயை மாற்றுகிறவர்கள் பழக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

செக்கு எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ரேஷன் பாமாயிலையும் கணக்கில் சேர்க்கலாம் தம்பி. அதுவும் உறையாமல் திரவமாகத்தான் இருக்கிறது, கடலை எண்ணெய்ப் பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

பூண்டி_மருந்தகம் | 13.1.2024, காலை 11:20

கடைசி வரி தவறு அக்கா. என் கவுண்ட்டரில் ஒரு பாமாயில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறது, நாற்பதுக்கு மேல். கடலை எண்ணெய் இருபதுக்குள். இரண்டையும் ஒரே பக்கம் வைக்க முடியாது. மார்கழி விடியற்காலையில் பாமாயில் பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக மேகம் மாதிரி இறங்கியிருக்கும். பாமாயில் 16 கரி உள்ள பால்மிட்டிக் நிறைந்த எண்ணெய். அதுவும் எல்டிஎல்லை ஏற்றுகிற கூட்டம்தான்.

குடந்தை_லேப் | 13.1.2024, மதியம் 1:00

தவறுதான். 12-ம் தேதி மாலை எழுதியதில் பாமாயில் பத்தியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டுப் பாக்கெட்டையும் இப்போது திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. தேங்காய் எண்ணெயைவிடப் பாதி, கடலை எண்ணெயைவிட இரண்டு பங்குக்கு மேல். திரவமாக இருந்தால் நல்லது என்று கண்ணை நம்பி எழுதிவிட்டேன். நம் ஊர் வெயிலில் சித்திரையில் தேங்காய் எண்ணெய்கூடத்தான் தண்ணீராக ஓடுகிறது.

ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி நம் தென்னை விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றுப்பாடு எனக்குப் புரிகிறது, கஜாவுக்கு அடுத்த வாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தவள் நான். ஆனால் ரத்தக் கொலஸ்ட்ரால் என்கிற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் கேட்டால், அந்த மாற்றம் மேலேதான் கொண்டுபோகும். கடலையும் எள்ளும் அந்தக் கடையில் வரவேண்டும் என்பதே என் ஆசை. சம்பா அறுத்த வயலில் ஈரத்தை வைத்தே எள் வருகிற மண் இது.

செக்கு_அம்மாபேட்டை | 14.1.2024, இரவு 9:00

லாரிக் பத்தி அக்கா சொன்னதை என் மருமகன்கிட்ட கேட்டேன், அவன் வேதியியல் படிச்சவன். சரிதான்னு சொல்றான். விக்கும்போது நான் அப்படிச் சொல்றதை நிறுத்திக்கிறேன். ஆனா தேங்காய் எண்ணெய் விஷம்னு யாராவது சொன்னா சண்டைக்குத்தான் வருவேன்.

நல்லெண்ணெய் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. விலை ரொம்பக் கம்மின்னா பாமாயில் கலந்திருக்கும். ராத்திரி ஃப்ரிட்ஜ்ல ஒரு டம்ளர் வச்சுப் பாருங்க. சுத்தமான நல்லெண்ணெய் தெளிவா நிக்கும், கலந்தது கலங்கிப்போகும். கடலை எண்ணெய்க்கு இந்தச் சோதனை செல்லாது, சுத்தமானதே ஃப்ரிட்ஜ்ல கட்டிப்பிடிக்கும். அது தெரியாம என்கிட்ட சண்டை போட்டவங்க உண்டு.

பூண்டி_மருந்தகம் | 15.1.2024, காலை 10:15

அந்தச் சோதனையில் கலங்கினால் சந்தேகப்படலாம். கலங்காவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை. வேறு மலிவான எண்ணெய் கலந்திருந்தாலும் தெளிவாகவே நிற்கும்.

பேராவூரணி_தென்னை | 17.3.2024, இரவு 8:40

ரெண்டு மாசம் ஆச்சு. இன்னைக்குச் சீட்டு வந்துச்சு அக்கா! மொத்தம் 226, ஹெச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 235, எல்டிஎல் 141. இருபத்தொண்ணு இறங்கிடுச்சு! நீங்க பதிமூணுதான் சொன்னீங்க. தேங்காய் எண்ணெயைச் சுத்தமா விட்டுட்டேன், நெய்யும் விட்டாச்சு. வேற எண்ணெய் எதுவும் பெருசா வாங்கல, எதுக்கு வம்புன்னு. மாசத்துக்கு ஒரு லிட்டர் கடலை எண்ணெய், அவ்வளவுதான்.

வலங்கைமான்_டீச்சர் | 17.3.2024, இரவு 9:15

மனமார்ந்த வாழ்த்துகள்!

குடந்தை_லேப் | 18.3.2024, காலை 6:10

தம்பி, வாழ்த்துச் சொல்லும் முன் ஒரு கேள்வி. எண்ணெய் மூணு லிட்டரிலிருந்து ஒன்றுக்கு வந்தது. அந்தப் பசி எங்கே போனது? காலையில் எத்தனை இட்லி, மதியம் சோறு எவ்வளவு?

பேராவூரணி_தென்னை | 18.3.2024, மதியம் 12:50

முன்னாடி நாலு இட்லி, இப்ப ஆறு. எண்ணெய் இல்லாத குழம்பு வயித்துல நிக்க மாட்டேங்குது, மதியம் இன்னொரு கரண்டிச் சோறு சேத்துப் போட்டுக்கிறேன். சாயங்காலம் டீயோட ரஸ்க். ஏன் அக்கா?

குடந்தை_லேப் | 18.3.2024, இரவு 7:30

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் கூடத்தில் நானே ஆயிரம் தடவை அடித்துக் கொடுத்த சீட்டு இது. எத்தனை பேர் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சாதாரணச் சீட்டில் வருகிற எல்டிஎல் பெரும்பாலும் நேரடியாக அளந்தது இல்லை. மற்ற மூன்றையும் அளந்துவிட்டுக் கழித்துப் போடுகிறோம். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடைச் சுமக்கிற துகள்களில் உள்ள கொலஸ்ட்ராலுக்காக டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் எல்டிஎல். ஃப்ரீட்வால்ட் 1972-ல் சொன்ன சூத்திரம். உங்கள் முதல் சீட்டு: 238-ல் 44 போனால் 194, அதில் 32 போனால் 162. இந்தச் சீட்டு: 226-ல் 38 போனால் 188, அதில் 47 போனால் 141.

நடுவில் வருகிற எண்ணைப் பாருங்கள். 194, 188. ஹெச்டிஎல் போக ரத்தத்தில் ஓடுகிற மொத்தக் கெட்ட கொலஸ்ட்ரால் அது. ஆறு புள்ளிதான் இறங்கியிருக்கிறது. மீதிப் பதினைந்து இறங்கியதாகத் தெரிவது டிரைகிளிசரைடு ஏறியதால். அது ஏறினால் அதிகமாகக் கழிக்கிறோம், எல்டிஎல் சின்னதாகத் தெரிகிறது. கொலஸ்ட்ரால் இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடைக்கு மாறியிருக்கிறது, வீட்டைவிட்டுப் போகவில்லை. ஹெச்டிஎல்லும் 44-லிருந்து 38 ஆகிவிட்டது.

நிறைவுற்ற கொழுப்பை எடுத்த இடத்தில் நிறைவுறாத கொழுப்பை வைக்கவில்லை, சோற்றை வைத்தீர்கள். சோறும் மாவும் கூடினால் ஈரல் டிரைகிளிசரைடு செய்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதுதான் பெரிய வலை. கொழுப்பைக் குறை என்றால் நம் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போகிறது. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை, மாற்றச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஜனவரி 12-ல் சோற்றுக்கு 1.3 என்று போட்டதோடு நிறுத்தியிருக்கிறேன், டிரைகிளிசரைடு ஏறும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அது என் குறை.

ரத்தம் கொடுக்கும் முன் இரவு பட்டினி இருந்தீர்களா? டீ, ரஸ்க் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறும்.

பேராவூரணி_தென்னை | 18.3.2024, இரவு 8:55

பட்டினிதான், ரெண்டு தடவையும். தண்ணி மட்டும்.

கொஞ்சம் ஏமாத்தமா இருக்கு அக்கா. சரி, சொல்லுங்க.

குடந்தை_லேப் | 18.3.2024, இரவு 9:20

ஏமாற வேண்டாம். எண்ணெய் மூணு லிட்டருக்கே திரும்புங்கள், ஆனால் ஒன்றரை நல்லெண்ணெய், ஒன்றரை கடலை எண்ணெய். இட்லி நாலு, மிளகாய்ப் பொடிக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். ரஸ்க் வேண்டாம், ஒரு பிடி வேர்க்கடலை. நெய் முதல் சோற்றுக்கு ஒரு சின்னக் கரண்டி இருக்கட்டும். அதில் நிறைவுற்றது மூணு கிராம், அதைப் பிடுங்கி அம்மாவோடு மனஸ்தாபம் வேண்டாம். சட்னிக்குத் தேங்காய் இருக்கட்டும், தினம் ரெண்டு வேளை என்பது ஒரு வேளை ஆகட்டும். எட்டு வாரமாவது போகட்டும், அதற்கு முன் பார்க்காதீர்கள்.

பூண்டி_மருந்தகம் | 20.3.2024, மதியம் 3:30

அக்கா சொல்வது கொலஸ்ட்ரால் எண்ணுக்கு முழுக்கச் சரி. எண் இறங்கினால் மாரடைப்பும் இறங்குமா என்பதில் மட்டும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு மக்காச்சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது, இறப்பு இறங்கவில்லை. முழு விவரம் 2016-ல்தான் வெளியே வந்தது.

குடந்தை_லேப் | 20.3.2024, இரவு 8:15

அதைப் படித்திருக்கிறேன், எனக்கும் உறுத்துகிறது. பலரும் மருத்துவமனையில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, கொடுத்தது லினோலிக் மட்டுமே நிறைந்த ஒரே எண்ணெய். அந்தக் காலத்து மார்கரின் வேறு கலந்திருக்கிறது. இப்படிப் பல காரணம் சொல்லலாம். சொன்னாலும் அந்த முடிவு அப்படியே நிற்கிறது. மறுபக்கம் 2020-ல் காக்ரேன் குழு, குறைந்தது இரண்டு வருஷம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 17 சதவீதம் குறைந்தன என்று போட்டது. அதிலும் இறப்பு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் 17 பக்கம் சாய்கிறேன். நீங்கள் சாயாவிட்டால் குறை சொல்ல மாட்டேன்.

பேராவூரணி_தென்னை | 2.6.2024, காலை 10:05

பத்து வாரம் ஆயிடுச்சு. மொத்தம் 214, ஹெச்டிஎல் 43, டிரைகிளிசரைடு 150, எல்டிஎல் 141. போன தடவையும் 141, இப்பவும் 141! பையன் "ஒண்ணும் மாறலையே"ங்கிறான். நான் அவனை உக்காரவச்சுக் கழிச்சுக் காட்டினேன். 214-ல 43 போனா 171. முதல்ல 194, அப்புறம் 188, இப்ப 171. சரிதானே அக்கா?

குடந்தை_லேப் | 2.6.2024, காலை 11:40

சரி தம்பி, நூற்றுக்கு நூறு சரி. முதல் தடவை 141-க்கு இறங்கியதில் பாதிக்கு மேல் கணக்கின் விளையாட்டு. இந்த 141 நிஜமாக இறங்கியது. 23 புள்ளி வெளியே போயிருக்கிறது, ஹெச்டிஎல்லும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் எனக்கு ஒன்று உதைக்கிறது. என் கணக்கில் 13-தான் வரவேண்டும், 21 வந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு வேறு வேறு நாளில் எடுத்தாலே எட்டு, பத்துப் புள்ளி ஆடும். அதுவாக இருக்கலாம். சட்னித் தேங்காய் குறைந்ததும் இருக்கலாம். வேறு ஏதாவது மாற்றினீர்களா?

பேராவூரணி_தென்னை | 2.6.2024, இரவு 8:30

ஒண்ணு சொல்லாம விட்டிருக்கேன் அக்கா. ரெண்டு வருஷமா காலையில வெறும் வயித்துல ஒரு பெரிய கரண்டி தேங்காய் எண்ணெய் குடிச்சிட்டிருந்தேன். ஏதோ வீடியோவில பார்த்தது. அது வீட்டுக் கணக்கு மூணு லிட்டர்ல வராது, தோப்புக் கொட்டகையில தனியா ஒரு பாட்டில் வச்சிருந்தேன். ஜனவரியிலயே நிறுத்திட்டேன். சமையல் எண்ணெய்தானே கேட்டீங்கன்னு சொல்லல.

குடந்தை_லேப் | 2.6.2024, இரவு 9:10

பெரிய கரண்டி என்றால் 14 கிராம், நிறைவுற்றது 12. கலோரியில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கூட. அந்த இடத்தில் சோறுதான் வந்தது என்று வைத்தாலும் ஒன்றுக்கு 1.3 வீதம் ஏழு புள்ளி. பதிமூணும் ஏழும் இருபது.

இவ்வளவு கச்சிதமாக விழுந்தது தற்செயலாகவும் இருக்கலாம், முன்பே சொன்ன ஆட்டம் இருக்கிறதே. ஆனாலும் கொட்டகைப் பாட்டில் கணக்கில் வராமல் போயிருந்தால், நல்லெண்ணெய்க்கு இல்லாத பெருமையைக் கொடுத்திருப்பேன்.

டாக்டரிடம் மூணு சீட்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். மாத்திரை பற்றி அவர் சொல்லட்டும்.

செக்கு_அம்மாபேட்டை | 3.6.2024, காலை 7:45

தம்பி, கொப்பரையை என்ன செய்யப்போறீங்க? அனுப்பினீங்கன்னா ஆட்டித் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா விக்கிறேன், கணக்கு பேசிக்கலாம். பதிலுக்கு எள்ளு எண்ணெய் எடுத்துக்கங்க. மேட்டூர் இந்தத் தடவை 12-ம் தேதி திறக்கிற மாதிரி தெரியல, குறுவையை நம்பி இருக்கிறவங்களுக்குச் செக்கு வேலையாவது ஓடட்டும்.

பேராவூரணி_தென்னை | 3.6.2024, மதியம் 1:20

நாளைக்கே ரெண்டு மூட்டை அனுப்புறேன் அண்ணே. அம்மாவுக்கு மட்டும் அஞ்சு லிட்டர் தனியா ஆட்டிக் கொடுங்க. 78 வயசு, எல்டிஎல் பாத்ததே இல்ல, பாக்கவும் விடமாட்டேங்கிறாங்க. அவங்க அவியலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் வேணுமாம்.